பெரிய கம்பெனியே கடுமையான சட்டம் கேட்பது ஏன்: அமெரிக்கப் பொம்மைச் சட்டத்தின் செலவுக் கணக்கு

கேள்வி: சில நேரம் ஒரு பெரிய கம்பெனியே தன் தொழிலுக்குக் கடுமையான சட்டம் வேணும்னு கேட்குது. சின்ன கம்பெனிகளை ஒழிக்கத்தான் இப்படிச் செய்றாங்கன்னு சொல்றாங்க. ஆனா அந்தச் சட்டத்தால அவங்களுக்கும் செலவுதானே? இதுல அவங்களுக்கு எப்படி லாபம் வரும்? உண்மையிலேயே அந்த நோக்கம்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்:

செலவு எல்லோருக்கும் ஏறும், ஆனால் ஒரே அளவில் ஏறாது. எனக்கு ஒரு பொம்மைக்கு 2 காசு ஏறி, உங்களுக்கு 4 ரூபாய் ஏறினால், அந்தச் சட்டத்தால் எனக்கு நஷ்டமில்லை. கடைவீதியில் பொம்மை விலை 3 காசு உயர்ந்தாலே போதும், நான் முன்பைவிட லாபத்தில் இருப்பேன். ஸ்டீவன் சாலப், டேவிட் ஷெஃப்மன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் 1983இல் இதை ஒரு தனி உத்தியாகவே வகுத்துக் காட்டினார்கள். போட்டியாளரின் செலவை ஏற்றிவிடுவது என்பதுதான் அதன் பெயர். தன் சராசரிச் செலவு ஏறியதைவிடச் சந்தை விலை அதிகமாக ஏற வேண்டும் என்பது இதன் முக்கிய நிபந்தனை.

விலையை அடிமட்டத்துக்கு இறக்கிப் போட்டியாளரை விரட்டுவது பழைய வழி. அதில் இன்று உறுதியாக நஷ்டப்பட்டு, நாளைக்கு லாபம் வரலாம் என்று நம்பிக் காத்திருக்க வேண்டும். செலவை ஏற்றிவிடும் வழியில் காத்திருப்பே இல்லை. எதிராளி கடையை மூட வேண்டியதுகூட இல்லை. அவர் இருபது வகை செய்த இடத்தில் ஐந்து வகை செய்தால் போதும், விட்டுப்போன பதினைந்துக்கான வாடிக்கையாளர்கள் இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். விதிமுறை அமலுக்கு வந்த நாளிலிருந்தே பலன் தொடங்கிவிடும்.

சட்டத்தின் எந்த வரியில் இந்த வித்தியாசம் ஒளிந்திருக்கிறது என்பதை ஒரு உண்மையான சட்டத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். அமெரிக்காவில் 2008 ஆகஸ்ட் 14 அன்று கையெழுத்தான நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் அதற்குப் பொருத்தமானது. அதன் குறிக்கோள் நியாயமானது, அதை நிறைவேற்றிய விதம்தான் சிறியவர்களை நசுக்கியது. இரண்டும் ஒரே சட்டத்தில் சேர்ந்து கிடப்பதால் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள இது உதவும்.

2007 ஆகஸ்டில் உலகின் மிகப் பெரிய பொம்மை நிறுவனங்களில் ஒன்றான மேட்டல், தன் ஃபிஷர்-பிரைஸ் பொம்மைகளில் சுமார் 15 லட்சத்தை உலகெங்கும் திரும்பப் பெற்றது. சீனாவில் ஒப்பந்தத்துக்குச் செய்து கொடுத்த தொழிற்சாலை, ஈயம் கலந்த பெயிண்டைப் பூசியிருந்தது. அதே மாதமும் அடுத்த மாதமும் இன்னும் சில பொம்மைகள் திரும்பின. குழந்தை வாயில் வைத்துச் சப்பும் பொருளில் ஈயம் இருப்பது சாதாரண விஷயமில்லை, மூளை வளர்ச்சியையே கெடுக்கும். நாடு கொதித்தது. பொம்மைத் தொழிலின் சங்கம், விற்பனைக்கு வருமுன் சோதனை செய்வதை அரசே கட்டாயமாக்கட்டும் என்று வெளிப்படையாகக் கேட்டது. மசோதா கீழவையில் 424க்கு 1, மேலவையில் 89க்கு 3 என்ற வாக்கில் நிறைவேறியது.

சட்டம் சொன்னது இது. 12 வயது வரையிலான குழந்தைகளுக்கான எந்தப் பொருளிலும், எந்தப் பாகத்திலும் ஈயம் 2009 பிப்ரவரி 10 முதல் 600 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது. பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் வரம்பு 300க்கு இறங்கும், 2011 ஆகஸ்டில் 100க்கு இறங்கும். பெயிண்டுக்கு 600ஆக இருந்த பழைய வரம்பு 90 ஆகும். பிளாஸ்டிக்கை இளக்கமாக்கச் சேர்க்கும் தாலேட் வகைகளில் ஆறுக்கு 0.1 சதவீதம்தான் உச்சம். இவற்றையெல்லாம் அங்கீகாரம் பெற்ற வெளியார் ஆய்வகத்தில் சோதித்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் அபராதம் 8,000 டாலரிலிருந்து 1,00,000 டாலராகவும், மொத்த உச்சவரம்பு 18.25 லட்சத்திலிருந்து 150 லட்சம் டாலராகவும் ஏறியது.

இதில் ஈய வரம்பு எல்லோருக்கும் ஒன்றுதான். 90 பிபிஎம் என்பது ஒரு பொம்மை செய்பவருக்கும் 90தான், பத்து லட்சம் செய்பவருக்கும் 90தான். நல்ல பெயிண்ட் வாங்கினால் வரம்புக்குள் நிற்கலாம், அதற்கான கூடுதல் செலவும் பொம்மைக்கு இவ்வளவு என்று சமமாகவே விழும். சமமில்லாமல் விழுந்தது சோதனைச் செலவு. ஏனென்றால் சோதனை ஒவ்வொரு பொம்மைக்கும் இல்லை, ஒவ்வொரு வடிவத்துக்கும். எத்தனை செய்தாலும் கட்டணம் அதேதான்.

ஒரு மரக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நிறப் பெயிண்ட், பிளாஸ்டிக் சக்கரம், உலோக அச்சு. நான்கு நிறத்துக்கும் தனித்தனி ஈயச் சோதனை, சக்கரத்துக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று, ஆக ஆறு. சக்கரத்துக்குத் தாலேட் சோதனை தனி. அதன் பிறகு கூர்மையான விளிம்பு, குழந்தை விழுங்கக்கூடிய சிறு பாகம் கழல்கிறதா என்ற இயந்திரச் சோதனை. கணக்குக்காக நான் வைத்துக்கொள்ளும் விலை: ஈயச் சோதனை ஒன்றுக்கு 40 டாலர், தாலேட்டுக்கு 260, இயந்திரச் சோதனைக்கு 100. கூட்டினால் ஒரு வடிவத்துக்கு 600 டாலர்.

வீட்டோடு சேர்ந்த பட்டறையில் ஒருவர் இருபது வடிவம் செய்கிறார். வடிவத்துக்கு 150 வீதம் ஆண்டுக்கு 3,000 பொம்மை. ஒன்று 20 டாலர் என்றால் விற்றுமுதல் 60,000. சோதனைக்கு 20 தரம் 600, அதாவது 12,000 டாலர். பொம்மைக்கு 4 டாலர், விற்றுமுதலில் ஐந்தில் ஒரு பங்கு. மரம், பெயிண்ட், வாடகை, கூலி போக அவர் கையில் நிற்பதே அவ்வளவு இருக்குமா என்பது சந்தேகம். பெரிய தொழிற்சாலை அதே வடிவத்தில் மூன்று லட்சம் செய்கிறது. ஆண்டுக்குப் பத்து முறை சோதித்தாலும் 6,000 டாலர்தான், பொம்மைக்கு 2 சென்ட். ஆக ஒரே விதிக்கு ஒருவருக்கு 4 டாலர், மற்றவருக்கு 2 சென்ட், இருநூறு மடங்கு வித்தியாசம். விதியில் 'சிறியவர்' என்ற சொல்லே வரவில்லை.

சோதனைக்கு அனுப்பும் பொம்மை திரும்ப வராது. பெயிண்டைச் சுரண்டி எடுத்து, அமிலத்தில் கரைத்துத்தான் ஈயத்தை அளக்கிறார்கள். பொம்மை சிறியதாக இருந்தால் போதுமான பெயிண்ட் சேர ஒன்றுக்கு மேற்பட்டவற்றைச் சுரண்ட வேண்டிவரும். ஒரே ஒரு பொம்மை மட்டும் செய்து விற்பவருக்கு இந்தச் சட்டம் சொல்ல வந்தது, அதைச் செய்யாதே என்பதுதான்.

அடுத்தது இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. வெளியார் ஆய்வகம் என்று சொன்ன அதே பிரிவில் ஒரு விலக்கு இருந்தது. உற்பத்தியாளரின் சொந்த ஆய்வகமும், நிர்வாகத்தின் தலையீடு இல்லாதபடி சுவர் எழுப்பிப் பிரித்து வைத்திருந்தால், அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதியோடு வெளியார் ஆய்வகமாகக் கணக்கில் வரலாம். 2009இல் மேட்டல் தன் சொந்த ஆய்வகங்களுக்கு இந்த அனுமதியை வாங்கியது. இந்தச் சட்டம் பிறக்கக் காரணமான ஈயப் பெயிண்டுக்காக அதே ஆண்டு ஜூனில் 23 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டதும் அதே நிறுவனம்தான். அப்படி ஓர் ஆய்வகத்தை வைத்திருக்க முடிந்தவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் விலக்கு யாருக்காக என்பது தெரிந்துவிடும். பிற்பாடு 2013 பிப்ரவரியில் அமலுக்கு வந்த சோதனை விதியிலும் இதே சாய்வு உண்டு. சாதாரணமாக ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். எழுத்தில் உற்பத்திச் சோதனைத் திட்டம் வைத்திருந்தால் இரண்டாண்டுக்கு ஒரு முறை. ஐஎஸ்ஓ 17025 தரச்சான்று பெற்ற ஆய்வகத்தில் தொடர்ந்து சோதித்துவந்தால் மூன்றாண்டுக்கு ஒரு முறை.

விளைவு தாமதிக்கவில்லை. ஜெர்மனியின் மரப்பொம்மை நிறுவனமான செலெக்டா, சோதனைச் செலவைக் காரணம் சொல்லி 2008 முடிவோடு அமெரிக்க விற்பனையை நிறுத்தியது. கைவினைப் பொம்மை செய்வோர் கூடி ஒரு கூட்டமைப்பை அமைத்துப் போராடினார்கள். பழைய பொருள் விற்கும் கடைகள் குழந்தைத் துணிகளை ஒதுக்கின, ஏனென்றால் ஈய வரம்பு ஏற்கெனவே அலமாரியில் இருந்த சரக்குக்கும் பொருந்தியது. 2009 ஜனவரி 30 அன்று ஆணையம் பெரும்பாலான சோதனைக் கட்டாயத்தை ஓராண்டு நிறுத்திவைத்தது, பிறகு அந்த நிறுத்தம் நீண்டது. ஆனால் ஈய வரம்பு நிற்கவில்லை, அபராதப் பயமும் நிற்கவில்லை. அதனால் பெரிய சில்லறைக் கடைகள் தங்கள் பாதுகாப்புக்கு முன்கூட்டியே சோதனை அறிக்கை கேட்டன. விதியைத் தள்ளிவைத்தாலும், கொள்முதல் செய்பவர் அதையே நிபந்தனையாக்கிவிட்டால் சிறியவருக்கு விடுதலை இல்லை. இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது நோக்கத்துக்கு வருவோம். பெரிய பொம்மைக் கம்பெனிகள் சிறியவர்களை ஒழிக்கத்தான் இந்தச் சட்டத்தைக் கேட்டார்கள் என்று சொன்னால் அது பாதி உண்மைகூட ஆகாது. அவர்களுக்கு வேறு இரண்டு வலுவான காரணங்கள் இருந்தன. ஒன்று, 2007 கிறிஸ்துமஸ் விற்பனை நெருங்கும்போது பெற்றோர்கள் எந்தப் பொம்மையையும் நம்பாத நிலை, அரசு முத்திரை இருந்தால் நம்பிக்கை திரும்பும். இரண்டு, மாநிலங்கள் தனித்தனியாகச் சட்டம் போடத் தொடங்கியிருந்தன. ஐம்பது மாநிலத்துக்கு ஐம்பது வரம்பு என்றால் நாடு முழுக்க விற்பவருக்குத்தான் தலைவலி, அதற்குப் பதில் மத்தியில் ஒரே சட்டம் போதும் என்பது நியாயமான விருப்பம். கைவினை மரப்பொம்மைக்காரர் பார்பி பொம்மைக்கு நேரடிப் போட்டியும் இல்லை. என் கணிப்பு இது: சட்டத்தைக் கேட்டது பயத்தாலும் வசதிக்காகவும், ஆனால் அதன் விவரங்களை எழுதும்போது பேச்சு மேசையில் இருந்தவர்கள் தங்களுக்குத் தாங்கும்படி எழுதவைத்தார்கள், மேசையில் இல்லாதவர்களின் செலவை யாரும் கூட்டிப்பார்க்கவில்லை. போட்டியாளரின் செலவு ஏற, அவரை ஒழிக்க வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டிய அவசியமே இல்லை.

அதனால்தான் நோக்கத்தைத் துருவுவதைவிட விதியின் கட்டமைப்பைப் பார்ப்பது பயனுள்ளது என்கிறேன். இதே பாதுகாப்பை வேறு விதமாகப் பெற முடியுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பொம்மை விஷயத்தில் முடியும் என்று பிறகு நிரூபணமானது. 2011 ஆகஸ்ட் 12 அன்று வந்த திருத்தச் சட்டமும் ஆணையத்தின் சில முடிவுகளும் சேர்ந்து அதைச் செய்தன.

முதல் மாற்றம், முழுப் பொம்மைக்குப் பதில் பாகத்தைச் சோதிப்பது. ஒரே டப்பா சிவப்புப் பெயிண்டை இருபது பொம்மையில் பூசினால், அந்தப் பெயிண்டை இருபது முறை சோதிப்பதில் பாதுகாப்பு எதுவும் கூடவில்லை. பெயிண்ட் விற்பவரே சோதித்துச் சான்று கொடுத்தால் பட்டறைக்காரர் அதையே காட்டலாம். இரண்டாவது, இயல்பிலேயே ஈயம் இல்லாத பொருள்களுக்கு ஈயச் சோதனையே வேண்டாம் என்ற பட்டியல்: பூச்சு இல்லாத மரம், பருத்தி, கம்பளி போன்றவை. மூன்றாவது, சிறு அளவு உற்பத்தியாளர் என்ற பதிவு. முந்தைய ஆண்டில் நுகர்பொருள் விற்றுமுதல் பத்து லட்சம் டாலருக்கு மேல் போகாமலும், ஒரே பொருள் 7,500க்கு மேல் செய்யாமலும் இருந்தால் ஆண்டுதோறும் பதிவு செய்துகொள்ளலாம். டாலர் வரம்பு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தப்படும். பதிவு செய்தவருக்குச் சில சோதனைகளில் வெளியார் ஆய்வகம் தேவையில்லை. தேவையில்லாமல் போவது ஆய்வகம்தான், வரம்பு அப்படியே இருக்கிறது. 100 பிபிஎம்முக்கு மேல் போனால் அவரும் குற்றவாளிதான். அதோடு பெயிண்டில் ஈயம், மூன்று வயதுக்குக் கீழான குழந்தையின் பொம்மையில் கழலும் சிறு பாகம், குழந்தைகளின் உலோக நகை போன்ற அதிக ஆபத்துள்ளவற்றுக்குச் சிறியவருக்கும் விலக்கில்லை.

மேலே போட்ட கணக்கையே திரும்பப் போடுவோம். பட்டறைக்காரர் இருபது வடிவத்துக்கும் சேர்த்து ஆறு நிறப் பெயிண்ட்தான் வைத்திருக்கிறார், சக்கரமும் அச்சும் எல்லாவற்றிலும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளுங்கள். பாகச் சோதனை மட்டும் அனுமதித்தால் பெயிண்டுக்கு 240, அச்சுக்கு 40, சக்கரத்துக்கு ஈயமும் தாலேட்டும் சேர்த்து 300, இருபது வடிவத்தின் இயந்திரச் சோதனைக்கு 2,000. மொத்தம் 2,580. சிறு அளவுப் பதிவும் இருந்தால் வெளியார் ஆய்வகத்துக்குப் போவது பெயிண்டும் சிறு பாகச் சோதனையும் மட்டும். சிறு பாகத்துக்கு வடிவத்துக்கு 30 டாலர் வைத்தால் 240ம் 600ம் சேர்ந்து 840. பன்னிரண்டாயிரமாக இருந்த செலவு எண்ணூற்று நாற்பதாக இறங்கிவிட்டது. குழந்தை வாயில் போகும் பெயிண்டின் ஈயம் மூன்று முறையிலும் சோதிக்கப்பட்டிருக்கிறது. முதல் முறையில் மீதிப் பணம் பெரும்பாலும் ஒரே பெயிண்டையும் ஒரே சக்கரத்தையும் அச்சையும் திரும்பத் திரும்பச் சோதிக்கத்தான் போனது.

எந்த விதியையும் சோதிக்க நான் பயன்படுத்தும் முறை இதுதான். விதி கேட்கும் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதி, அந்தச் செலவு எதற்கு ஒரு முறை விழுகிறது என்று பக்கத்தில் எழுத வேண்டும்: பொருளுக்கா, வடிவத்துக்கா, தொழிற்சாலைக்கா, கம்பெனிக்கா, ஆண்டுக்கா? பொருளுக்கு என்று விழுந்தால் சிறியவர் பெரியவர் பேதம் குறைவு. வடிவத்துக்கும் கம்பெனிக்கும் என்று விழுபவை எத்தனை கூடுகின்றனவோ அவ்வளவு சாய்வு. பிறகு விலக்குகளைப் பார்க்க வேண்டும். 'சொந்த ஆய்வகம் இருந்தால்', 'இத்தனை கோடி முதலீடு இருந்தால்', 'இந்தத் தேதிக்கு முன்பே சந்தையில் இருந்தால்' என்று வரும் விலக்குகள் ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கானவை. கடைசியாக, விதி முடிவைக் கேட்கிறதா, வழியைக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈயம் 90க்குள் இருக்க வேண்டும் என்பது முடிவு, அதைக் காட்டப் பல வழிகள் உண்டு. இன்ன கருவி வைத்த ஆய்வகம் இருக்க வேண்டும் என்பது வழி, அந்தக் கருவி யாரிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

நிலையான செலவு மட்டும்தான் ஆயுதம் என்று நினைத்துவிடக் கூடாது. போட்டியாளர் எதை அதிகம் பயன்படுத்துகிறாரோ அதன் விலையை ஏற்றுவது இன்னொரு வடிவம். இதற்குப் பேர்போன வழக்கு அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் நடந்தது. 1950இல் பெரிய சுரங்க முதலாளிகளும் சுரங்கத் தொழிலாளர் சங்கமும் ஒரு கூலி ஒப்பந்தம் போட்டார்கள். பெரியவர்களிடம் இயந்திரம் இருந்தது, சிறியவர்கள் ஆள் பலத்தை நம்பியிருந்தார்கள். நாள்கூலி 5 டாலர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆள் நாளுக்கு 20 டன் எடுக்கும் சுரங்கத்தில் டன்னுக்கு 25 சென்ட் ஏறும், 5 டன் மட்டும் எடுக்கும் இடத்தில் ஒரு டாலர் ஏறும். இரண்டு தரப்பும் சேர்ந்து தங்களைத் துரத்தப் பார்க்கிறார்கள் என்று டென்னசியின் சிறு சுரங்கக்காரர்கள் எதிர்வழக்குப் போட்டார்கள். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற அரசு நிறுவனத்துக்கு நிலக்கரி விற்பவர்கள் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலியை ஏற்றச் சொல்லி தொழிலாளர் துறைச் செயலரை இரு தரப்பும் சேர்ந்து அணுகினார்கள் என்பதும் அவர்களது புகார். 1965இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் இரண்டு பகுதி உண்டு. அரசை அணுகிக் கோரிக்கை வைப்பது, போட்டியாளரை ஒழிக்கும் எண்ணத்தோடு செய்தாலும், ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் குற்றமாகாது. ஆனால் சங்கமும் ஒரு முதலாளிக் கூட்டமும் சேர்ந்து, இன்ன கூலியை மற்ற முதலாளிகள் மீதும் சுமத்துவோம் என்று தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டால் அதற்குப் பாதுகாப்பு இல்லை. ஆலிவர் வில்லியம்சன் 1968இல் இந்த வழக்கை ஆராய்ந்து, கூலியே எப்படி நுழைவுத் தடையாகும் என்று எழுதினார். சாலப், ஷெஃப்மன் வகுத்த கோட்பாட்டுக்கு அதுவே முன்னோடி.

இந்தத் தீர்ப்பின் நடைமுறைப் பொருளைப் புரிந்துகொள்வது முக்கியம். ஒரு பெரிய கம்பெனி நாடாளுமன்றத்திடமோ அமைச்சகத்திடமோ கடுமையான விதி கேட்டால், அமெரிக்காவில் ஏகபோகத் தடைச் சட்டத்தை வைத்து அதைப் பொதுவாக நீதிமன்றத்தில் தடுக்க முடியாது. அரசிடம் கோரிக்கை வைக்கும் உரிமையைப் பறிக்க முடியாது என்பதால் அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் விளைவாக, இந்த உத்தியைத் தடுக்கும் ஒரே இடம் விதி எழுதப்படும் மேசை என்றாகிவிடுகிறது. இந்தியாவில் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 49ஆம் பிரிவு, ஒரு கொள்கையோ சட்டமோ போட்டியை எப்படிப் பாதிக்கும் என்று அரசு போட்டி ஆணையத்திடம் கருத்துக் கேட்க வழிவைக்கிறது. அந்தக் கருத்து அரசைக் கட்டுப்படுத்தாது.

பொம்மையிலேயே நம் நாட்டு உதாரணம் ஒன்றும் இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இதைப் பெரிய கம்பெனிகள் கேட்டு வாங்கினார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. தரமில்லாத இறக்குமதியைத் தடுப்பது அரசு சொன்ன காரணம். ஆனால் மேலே சொன்ன சோதனையை இதற்கும் போட்டுப் பாருங்கள். உரிமம் வாங்கத் தொழிற்சாலையிலேயே சோதனை வசதி இருக்க வேண்டும் என்பது கம்பெனிக்கு ஒரு முறை விழும் செலவு, ஆயிரம் பொம்மை செய்பவருக்கும் லட்சம் செய்பவருக்கும் அதேதான். அரசும் இதை உணர்ந்தது. கைவினைத் துறையில் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்குக் கொடுத்தது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் சன்னபட்டணா மரப்பொம்மையும் புவிசார் குறியீடு உள்ளவை. குறுந்தொழில் அலகுகளுக்குச் சொந்தச் சோதனை வசதி இல்லாமலே உரிமம் பெற அவகாசமும் தரப்பட்டது. கைவினைஞராகவும் பதிவாகாத, புவிசார் குறியீட்டுக்குள்ளும் வராத, இரண்டு வார்ப்பு இயந்திரம் வைத்துப் பிளாஸ்டிக் கிலுகிலுப்பை செய்கிற பட்டறைகள்தான் இடைவெளியில் நிற்கின்றன. முழு விலக்கு 'யார்' என்ற அடையாளத்தைப் பார்க்கிறது, 'எத்தனை' என்ற அளவைப் பார்க்கவில்லை. தடை செலவின் அளவில் இருக்கும்போது விலக்கும் அளவின் அடிப்படையில் இருந்தால்தான் சரியாகப் பொருந்தும்.

விலக்கிலும் ஒரு பள்ளம் உண்டு. 7,500 வரை விலக்கு என்றால் 7,501ஆவது பொம்மை செய்பவருக்கு, விலக்கிருந்த சோதனைகளின் மொத்தச் செலவும் அடுத்த ஆண்டே தலையில் விழும். வளர நினைப்பவர் அந்தக் கோட்டிலேயே நின்றுவிடுவார். பெரியவருக்கு உண்மையான போட்டி கொடுக்கக்கூடியவர் நடுத்தர அளவுக்காரர்தான், அவர் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே மாட்டிக்கொள்வார். அதனால் விலக்கைவிடப் பாகச் சான்று எனக்கு நல்ல ஏற்பாடாகத் தோன்றுகிறது. அதற்குக் கோடே இல்லை, பெரியவரும் சிறியவரும் ஒரே பெயிண்ட் டப்பாவின் சான்றைக் காட்டலாம்.

நீங்கள் சிறு உற்பத்தியாளராகவோ சங்கத்திலோ இருந்து, ஒரு வரைவு விதிக்குக் கருத்துச் சொல்ல வேண்டிவந்தால், 'எங்களை ஒழிக்கப் பார்க்கிறார்கள்' என்று எழுதாதீர்கள். அதிகாரி அதை நூறு முறை படித்திருப்பார், விதியை எதிர்ப்பவர் பாதுகாப்பையே எதிர்க்கிறார் என்று பெரியவர்கள் சொல்லவும் அது வசதியாகிவிடும். வரம்பை ஏற்றுக்கொள்வதாக முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு இரண்டு ஆய்வகங்களிடம் எழுத்தில் விலைப்புள்ளி வாங்கி, உங்கள் வடிவங்களின் எண்ணிக்கை, வடிவத்துக்கு எத்தனை உருப்படி, உருப்படிக்கு எவ்வளவு செலவு விழுகிறது என்ற அட்டவணையை இணையுங்கள். அதே அட்டவணையில் பாகச் சான்று அனுமதித்தால் எவ்வளவு, மூலப்பொருள் விற்பவரின் சான்றை ஏற்றால் எவ்வளவு என்று அடுத்தடுத்த பத்தியில் காட்டுங்கள். எந்தச் சோதனையை விடக் கூடாது என்பதையும் நீங்களே எழுதுங்கள், பெயிண்டில் ஈயம் என்றால் அது கட்டாயம் இருக்கட்டும் என்று. கடைசியாக, விதியின் எந்தப் பிரிவில் எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று மாற்று வாசகத்தையே கொடுங்கள்: 'ஒவ்வொரு வடிவத்துக்கும்' என்ற இடத்தில் 'ஒவ்வொரு மூலப்பொருள் தொகுதிக்கும்' என்று.